வீட்டுப் பிள்ளையின் கையெழுத்து

மகன் மேல் வழக்கு நடந்த மாதங்கள்தான் தன் வாழ்நாளிலேயே நல்ல மாதங்கள் என்று அன்செல்மோ சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் மனைவி ருபியேலா மட்டும் சிரிக்கமாட்டாள். அந்த மாதங்களில் வீட்டில் எத்தனை குக்கர் பயறு வேகவைத்தாள், அப்பனும் பிள்ளையும் போட்டி போட்டுக்கொண்டு எப்படித் தின்றார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

சான் லாசாரோ மலையில் காப்பி மூட்டைக்கும் மனிதர்களுக்கும் வண்டி ஜீப்தான். அன்செல்மோவிடம் ஒரு பழைய வில்லிஸ் ஜீப் இருந்தது. அதில் ஏறக் கணக்கு வழக்கு கிடையாது. உள்ளே ஒரு கும்பல், பின்பலகையில் ஒரு கும்பல், கூரைமேல் வாழைத்தார், அதற்கும் மேலே கோழிக்கூடையோடு யாராவது. ஃபெர்னே எட்டு வயதிலிருந்து அந்த ஜீப்பில்தான் வளர்ந்தான். மேட்டில் வண்டி நின்றால் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைப்பது, சில்லறை வாங்குவது, வளைவுக்கு வளைவு அப்பா எதற்குத் திட்டுகிறார் என்று பயணிகளுக்கு விளக்கம் சொல்வது எல்லாம் அவன் வேலை. இந்தப் பிள்ளை இருக்கிறவரை எனக்கு ஹாரனும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம் என்று அன்செல்மோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கண் பட்டுவிட்டது என்றுதான் ருபியேலா பிறகு சொன்னாள்.

பதினைந்து வயதில் பையன் ஜீப்பை விட்டு இறங்கிவிட்டான். காரணம் குக்கர். அந்த மலையில் பயறு வேகாத வீடு கிடையாது. பயறு வேகிற வீட்டில் குக்கர் கெட்டுப்போகாத மாதமும் கிடையாது. ரப்பர் வளையம் தளர்ந்துபோகும், வெயிட்டில் உப்பு அடைக்கும், கைப்பிடி ஆடும். ஃபெர்னே ஒரு தகரப் பெட்டியில் வளையங்களும் திருகாணிகளும் ஒரு சிறு ரிவெட் சுத்தியலும் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்தான். அப்பாவிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு ஒரு மாத அரிசியும் பன்றிக்கொழுப்பும் வாங்கிவந்து சமையலறையில் வைத்தான். அவ்வளவுதான் அறிவிப்பு.

அன்செல்மோவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து இருக்கையில் வேறு யாரோ முழங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எவனும் வளைவில் சரியான நேரத்துக்குப் பேசவில்லை.

பதினேழு பிறந்த கையோடு பையன் ஒரு மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றான். சிவப்பு நிறம், புதுசு. சந்தைச் சதுக்கத்தில், ஊரே 'தோன்' என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடுகிற எவெலியோவின் வண்டிக்கடையில் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, மிச்சத்துக்கு மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியது. எவெலியோ வயது கேட்டாராம். பதினெட்டு என்றானாம். குடியுரிமை அட்டையைக் காட்டு என்று கேட்கவில்லை. கேட்பானேன், பையனை அவருக்குத் தெரியும், அவர் வீட்டுக் குக்கரை மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து சரி செய்கிறவன் அவன்தானே. அந்த ஊரில் தெரிந்த முகத்திடம் அட்டை கேட்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். அந்த மரியாதைதான் பிறகு எவெலியோவின் கழுத்தைப் பிடித்தது.

பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஃபெர்னே மலைக்கு அந்தப்பக்கத் தோட்டங்களுக்கெல்லாம் போனான். சாயங்காலம் குளித்துத் தலைவாரிக்கொண்டு, தையல்காரி மகள் லுஸ் தாரியைப் பின்னால் ஏற்றிச் சதுக்கத்தைச் சுற்றினான். சுற்றினான் என்றால் இரண்டு சுற்று மூன்று சுற்று இல்லை. பாதிரியார் ஜன்னலைச் சாத்துகிறவரை. ஊர்க்காரர்கள் பார்த்தது இந்தச் சாயங்காலத்தை மட்டும்தான். காலையில் சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறியதை யார் பார்த்தார்கள்?

நோட்டுகளைப் பாதிவரை ஒழுங்காகக் கட்டினான். மழைக்காலத்தில் பாதை உடைந்தது, தோட்டங்களுக்குப் போக முடியவில்லை, ஒரு மாதம் பணம் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாம் கெட்டது. ஃபெர்னே பணத்தோடு கடைக்குப் போனான். கூட லுஸ் தாரி இருந்தாள். எவெலியோவுக்கு அன்று காலையில் யாரோடு சண்டையோ, பணத்தைத் தொடக்கூட இல்லை. கடை நிறைய ஆள் இருக்க, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்:

"மூக்கொழுகிப் பசங்ககிட்ட நான் கணக்குப் பேசறதில்ல. போ, உங்கப்பனைக் கூட்டிட்டு வா."

ஃபெர்னே பணத்தைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தான். காது மடல் சிவந்துவிட்டதாக லுஸ் தாரி பிறகு சொன்னாள்.

"சரிங்க தோன் எவெலியோ. நான் மூக்கொழுகின்னா அந்த நோட்டுல இருக்கறதும் மூக்கொழுகி கையெழுத்துதானே? அதுக்குப் பணம் எதுக்கு?"

கடையே சிரித்தது. எவெலியோ சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஃபெர்னே ஒரு பெசோ கட்டவில்லை. ருபியேலா கெஞ்சினாள், அன்செல்மோ அதட்டினார். அவர் என்னை ஆளாக மதித்துப் பணம் கேட்கட்டும், கொடுக்கிறேன் என்று ஒரே பிடியாக நின்றான். எவெலியோவும் சளைத்தவர் இல்லை. மிச்ச நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நேரே முனிசிபல் கோர்ட்டுக்குப் போய்விட்டார். ஒரு சொல்லுக்கு வீம்பு பிடித்த இரண்டு பேரில் யார் சின்னப் பையன் என்று அப்போது ஊரில் யாராலும் சொல்ல முடியவில்லை.

கோர்ட் சேவகர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து மோட்டார் சைக்கிளை ஜப்தி செய்து, கோர்ட் நியமித்த பொறுப்பாளர் ஒருவரின் கொட்டகையில் விட்டுப் பூட்டினார். வழக்கு முடிகிறவரை அங்கேதான் என்றார். மறுநாள் காலையில் அன்செல்மோ ஜீப்பைக் கிளப்பும்போது பக்கத்துக் கதவு திறந்தது. ஃபெர்னே தகரப் பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

"மேல் தோட்டத்துல என்னை இறக்கிவிடுங்கப்பா. திரும்பறப்ப ஏத்திக்குங்க."

அவர் கியரைப் போட்டார். 

அந்த மாதங்களைத்தான் அவர் நல்ல மாதங்கள் என்கிறார். காலையில் பனி மூட்டத்தில் பையன் வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி, "வாங்கப்பா, வாங்க, ஒண்ணும் வரல" என்பான். பயணிகளிடம் பழையபடி வம்பளப்பான். பாதையோரக் கடையில் நிறுத்தி இரண்டு பேரும் கறுப்புக் காப்பி குடிப்பார்கள். ஒரே ஒரு சோள ரொட்டியைப் பிய்த்து இரண்டாக்குவதில் பெரிய துண்டு யாருக்கு என்று எட்டு வயதில் போட்ட அதே சண்டை. ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். தூங்கும்போது முகம் எட்டு வயசுக்குத் திரும்பிவிடும். அன்செல்மோ குழிகளைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவார். பயணிகள் தாமதமாகிறது என்று முணுமுணுத்தால், அவசரமானவன் இறங்கி நடக்கலாம் என்பார். கடவுள் இந்த வழக்கை இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும் என்று அவர் மெழுகுவர்த்தி ஏற்றாததுதான் பாக்கி.

பையன் மைனர் என்பதால் கோர்ட்டில் அவனுக்காக நிற்க வேண்டியவர் அப்பாதான். ஆகவே வக்கீல் துலியோவிடம் அன்செல்மோவே போனார். துலியோ குட்டையான மனிதர், பெரிய வயிறு, சதுக்கத்தில் இருக்கிற ஒரே அலுவலகம் தன்னுடையதுதான் என்பது போலப் பேசுவார். கேஸ் காகிதத்தைப் பார்த்ததும் அவருக்குக் கல்யாணச் சாப்பாடு கிடைத்த சந்தோஷம். பதினெட்டு ஆகாதவன், அப்பா அம்மா அதிகாரத்தில் இருக்கிறவன், சட்டத்தின் கண்ணுக்கு வீட்டுப் பிள்ளை என்றார். வீட்டுப் பிள்ளை போட்ட கையெழுத்து தானாக யாரையும் கட்டாது. அவன் வயதைக் கூட்டிச் சொன்னதால் மட்டும் சட்டம் அவனைக் கைவிட்டுவிடாது. போலி அட்டை செய்து காட்டி ஏமாற்றியிருந்தால் வேறு கதை. எவெலியோ பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, அது அவர் தலைவிதி.

"ஆனா ஒரு முள் இருக்கு," என்றார் துலியோ.

அந்த முள்ளை அவர் பொறுமையாக விளக்கினார். வீட்டுப் பிள்ளை சொந்தமாக ஒரு தொழில் செய்து சம்பாதித்தால், அந்தச் சம்பாத்தியத்தைப் பொறுத்தவரை சட்டம் அவனை அப்பன் கையிலிருந்து விடுபட்டவனாகவே பார்க்கும். அப்போதும் அப்பா எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் அவன் கடனுக்கு எதுவும் வாங்க முடியாது; வாங்கினால், தனக்குக் கிடைத்த பலன் அளவுக்கு மேல் அவனைப் பிடிக்க முடியாது. ஒன்றே ஒன்று விலக்கு. தன் தொழிலின் வழக்கமான ஓட்டத்துக்காகக் கடனுக்கு வாங்கியிருந்தால், மாட்டினான். பெரிய ஆளைப் போலக் கடைசிப் பெசோவரை கட்ட வேண்டும்.

"ஆக முழுக் கேஸும் ஒரு கேள்வியிலதான் நிக்குது. அந்த பைக் எதுக்கு வாங்கினான்? பிழைப்புக்கா, ஊர் சுத்தறதுக்கா? நீங்கதான் அவனுக்காகச் சத்தியம் பண்ணிச் சொல்லணும். ஊர் சுத்த, பொண்ணை ஏத்திக்கிட்டுப் போகன்னு சொல்லுங்க. ஊரே பாத்திருக்கு, பொய்யுமில்ல. பைக்கைத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

குக்கர் வேலையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று அன்செல்மோ கேட்டார். பொழுதுபோக்கு என்று சொல்லுங்கள், சிறுபிள்ளை விளையாட்டு, ஆணி தட்டுகிறான், நாலு காசு வருகிறது, அதெல்லாம் தொழிலா என்று சொல்லுங்கள் என்றார் துலியோ. அன்செல்மோ தலையாட்டினார். உண்மையைச் சொன்னால் அந்த யோசனை அவருக்குத் தேன் மாதிரி இனித்தது. பைக் போய்விடும். பையன் ஜீப்பில் உட்கார்ந்திருப்பான். இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம், கட்டாயப் பட்டாளச் சேவைக்குக் கூப்பிடுகிறவரை. வெளியே வந்தபோது ஃபெர்னே நடையில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். கதவு திறந்தே இருந்திருக்கிறது. அன்று திரும்பும் வழியில் அவன் வளைவுகளில் தலையை நீட்டவில்லை.

விசாரணை நாள் காலை. கோர்ட் என்றால் பெரிய மண்டபம் ஒன்றும் இல்லை. மார்க்கெட் கட்டடத்து மாடியில் ஓர் அறை, நீல வர்ணம் உரிந்த சுவர், ஒரு காத்தாடி, ஒரு தட்டச்சு இயந்திரம். ஜட்ஜ் இளம்பெண், தலைநகரில் படித்துவிட்டு முதல் வேலைக்கு இந்த மலைக்கு வந்தவள். ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, செயலாளர் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் எவெலியோவும் அவர் வக்கீலும். இந்தப் பக்கம் துலியோ, அன்செல்மோ. பின்சுவர் பெஞ்சில் ஃபெர்னே, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு.

முதலில் துலியோ எழுந்து பேசினார். பேசினார் என்பதைவிடப் பொழிந்தார். அறியாச் சிறுவன், தாய்தந்தை நிழலில் வாழும் குழந்தை, பளபளப்பைக் கண்டு மயங்கியவன், அந்த மயக்கத்தில் காசு பார்க்க நினைத்த வியாபாரி என்றெல்லாம் போயிற்று. கடைசியாகப் பையனின் வேலையைப் பற்றி வந்தார். தெருவில் சட்டியைத் தட்டித் திரிகிற ஒரு விளையாட்டைத் தொழில் என்று சொல்வது தொழில் என்கிற சொல்லுக்கே அவமானம் என்றார். அறையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

அன்செல்மோ திரும்பிப் பார்த்தார். ஃபெர்னே அழவில்லை, முறைக்கவும் இல்லை. உள்ளங்கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். நீராவி பட்டுப் பட்டுக் கன்றிப்போன கைகள் அவை. அதை ஒளிக்க அவனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. எவெலியோ கடையில் எல்லார் முன்னாலும் பதில் சொன்னவன், இங்கே தன் பக்க வக்கீலே சொல்லும்போது என்ன பதில் சொல்வான்?

அன்செல்மோவைக் கூப்பிட்டார்கள். கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். எவெலியோவின் வக்கீல் எழுதி வைத்திருந்த கேள்விகளை ஜட்ஜ் ஒவ்வொன்றாகப் படித்தாள். பையன் உங்களோடு வசிக்கிறானா, ஆமாம். அவன் பைக் வாங்க நீங்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்தீர்களா, இல்லை. துலியோ திருப்தியாகத் தலையை ஆட்டினார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"உங்க மகன் அந்த வண்டியைத் தன்னோட தொழிலுக்காகத்தான் வாங்கினார்ங்கறது உண்மையா, இல்லையா, சொல்லுங்க."

செயலாளரின் விரல்கள் இயந்திரத்தின் மேல் காத்திருந்தன. கீழே மார்க்கெட்டில் எவனோ தக்காளிக்கு ஏலம் கூவினான். ஊர் சுத்தத்தான் என்று சொல்ல அன்செல்மோ வாயைத் திறந்தார். நாக்கில் அது தயாராகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் நாளைக் காலையும் பக்கத்து இருக்கையில் பையன் இருப்பான். ஆனால் எந்தப் பையன்? தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இவனா? இவனையா வளைவுக்கு வளைவு கூடக் கூட்டிப்போவது என்று அவருக்குத் தோன்றியது. 

"உண்மை ஜட்ஜம்மா. தொழிலுக்குத்தான்."

துலியோ பேனாவைக் கீழே வைத்தார். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம், அன்செல்மோவுக்கு அணை உடைந்துவிட்டது.

"சாயங்காலம் ஊர் சுத்தினான், இல்லேன்னு சொல்லல. காலையில யாரும் பாக்கலியே. இந்த மலையில எந்த வீட்டுலயாவது மத்தியானம் பயறு வேகுதுன்னா அது இவன் கை. தோன் எவெலியோ வீட்டுலயும்தான். என் வீட்டு அரிசி ரெண்டு வருஷமா இவன் வாங்கறது. நான் ஜீப் ஓட்டறேன், அது தொழில்னா, இவன் பண்றதும் தொழில்தாம்மா."

ஜட்ஜ் அதை அப்படியே தட்டச்சு செய்யச் சொன்னாள். அரிசி வரைக்கும் தட்டினார் செயலாளர். எவெலியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெயித்த மனிதரின் முகம் அப்படி இருக்காது. துலியோ மட்டும் படியிறங்கும்போது அன்செல்மோவின் காதோரம், தன் வக்கீல் வாழ்க்கையில் கட்சிக்காரரே முட்டுக்கட்டை போட்ட முதல் கேஸ் இதுதான் என்றார். ஃபெர்னே ஜீப்பில் ஏறினான். முதல் வளைவு வந்ததும் தலையை வெளியே நீட்டினான். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

தீர்ப்பு கொஞ்ச நாள் கழித்து வந்தது. அன்செல்மோ எதிர்பார்த்ததுதான். மைனர் என்ற வாதம் தள்ளப்பட்டது. சொந்தத் தொழில் உள்ள பிள்ளை, தொழிலின் வழக்கமான தேவைக்காக வாங்கியிருக்கிறான், இந்த விஷயத்தில் அவனைத் தந்தையின் கையிலிருந்து விடுபட்டவனாகவே கருத வேண்டும், ஆகவே கையெழுத்து செல்லும், மிச்ச நோட்டுகளை வட்டியோடும் செலவோடும் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. விடுபட்டவன் என்கிற இடத்தை அன்செல்மோ செயலாளரிடம் இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். கை எப்போது விட்டது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

மொத்தப் பணமும் ஒரே சமயத்தில் கேட்டால் பையன் எங்கே போவான்? கட்டினால்தான் கொட்டகைப் பூட்டுத் திறக்கும். பூட்டுத் திறந்தால்தான் தூரத் தோட்டங்களுக்குப் போய்ச் சம்பாதிக்க முடியும். அன்று மத்தியானம் சதுக்கத்துப் பெஞ்சில் அப்பனும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். ஃபெர்னே காலணியால் தரையைக் கிளறினான். கேட்க வருவதும் முழுங்குவதுமாக இருந்தான். ஜீப்புக்குப் புது டயர் மாற்ற அன்செல்மோ சேர்த்து வைத்திருந்தது அவனுக்குத் தெரியும்.

"அப்பா, எனக்குக் கொஞ்சம் கடன் குடுப்பீங்களா?"

எடுத்துக்கொள்ளடா, உனக்கில்லாததா என்றுதான் அன்செல்மோவின் வாயில் வந்தது. அதை அவர் கடித்துக்கொண்டார். எழுந்து எதிரே இருந்த கடைக்குப் போனார். அச்சடித்த புரோநோட்டுத் தாள் ஒன்று வாங்கிவந்தார். அதைப் பையனின் மடியில் வைத்தார்.

"குடுக்கறேன். நோட்டு எழுதிக் குடு. இப்பதான் உன் கையெழுத்துக்கு மதிப்பு வந்திருக்கே, என்கிட்டயே முதல்ல போடு."

ஃபெர்னே அவர் முகத்தைப் பார்த்தான். கேலியா என்று தேடினான். கேலி இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். தாளைத் தகரப் பெட்டியின் மேல் வைத்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, அந்த ஊர் வழக்கப்படி அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர் இரண்டையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அன்செல்மோ அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது, காற்றில் தூசி என்று சொல்லவும் அன்று காற்று இல்லை.

எவெலியோ பணத்தை எண்ணி வாங்கும்போது கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, புரோநோட்டுகளை ஃபெர்னேயின் கையில் கொடுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் குக்கர் விசில் அடிக்கவில்லை, முடிந்தால் வந்துபோகச் சொல்லி என் சம்சாரம் சொன்னாள் என்றார். ஃபெர்னே வருகிறேன் என்றான், மரியாதையாகத்தான்.

மறுநாள் ஜீப்பின் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. சிவப்பு வண்டி அவரை முந்திக்கொண்டு மேடேறிப் போயிற்று. அந்த வருஷமே ஃபெர்னே மலைக்கு அப்பால் கலார்காவில் ஓர் அறை எடுத்துக்கொண்டான். அங்கே வீடுகள் அதிகம், குக்கர்களும் அதிகம். லுஸ் தாரி இன்னொருவனைக் கட்டிக்கொண்டாள். ஃபெர்னே அதற்கும் ஒருமுறைதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வந்தான். பணத்தை மேசையில் வைப்பான். அம்மா கையால் பயறும் பன்றித்தோல் வறுவலும் சாப்பிடுவான். மத்தியானம் முழுக்க அப்பாவோடு ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையாவது முறுக்குவான், அதைச் சரியில்லை என்று அன்செல்மோ அவிழ்ப்பார். சாயங்காலம் கிளம்புவான். பணம் வர வர அன்செல்மோவுக்கு மனசு கனத்தது. இவன் இத்தனை ஒழுங்காகக் கட்ட வேண்டுமா என்று ருபியேலாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். கடன் கொடுத்தவன் பணம் திரும்பி வருகிறதே என்று அழுகிற கதையை அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

கடைசித் தவணையும் வந்தது. ஃபெர்னே அன்று சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். பணத்தை எண்ணி வைத்தான், சாப்பிட்டான், கையைக் கழுவினான். பிறகு, அந்த மலையில் கடன் அடைத்த எவனும் செய்வதுபோல, கையை நீட்டினான். கையெழுத்துப் போட்ட நோட்டு அடுத்தவன் பெட்டியில் இருக்கிறவரை கடன் தீர்ந்ததாக அங்கே யாரும் நம்பமாட்டார்கள்; அப்பனே ஆனாலும்.

"நோட்டைக் குடுங்கப்பா. கிழிச்சுடலாம்."

கோர்ட்டில் சத்தியம் செய்து உண்மையைச் சொல்லிப் பிள்ளையைத் தன் கையிலிருந்து விட்ட அதே மனிதர், அன்று மேசையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவினார், நோட்டு இருந்த பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தை. அங்கே சீப்பும் சில்லறையும்தான் இருந்தன.

"எங்க வெச்சேன்னே தெரியலடா. வயசாச்சு இல்ல. தேடி வெக்கறேன், அடுத்த ஞாயிறு வா."

அவருடைய சட்டைப்பையில் மடித்த தாளின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ருபியேலா அதைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஃபெர்னேயும் பார்த்தான். வளைந்த மூலையில் அவன் கையெழுத்தின் கடைசி எழுத்துகூடத் தெரிந்தது. அவன் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டான். தொப்பியை எடுத்தான், அம்மாவை முத்தமிட்டான், வாசலில் நின்று வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

"நல்லாத் தேடுங்கப்பா," என்றான். "அவசரமில்ல. கிடைக்கற வரைக்கும் நான் வந்து கேட்டுக்கிட்டே இருக்கேன்."